எழுத்து, படம், இலச்சினை: வடிவமைப்பாளர் அனுப்பும் பட்டியல்

கைப்பணிப் பொருட்கள் செய்யும் மாதர் குழுக்களுக்கு இணையத்தளம் ஒன்றை அமைத்துக் கொடுப்பதும் இப்போது சில உதவித் திட்டங்களில் சேர்க்கப்படுகிறது. அதற்கெனப் பணம் ஒதுக்கப்படும். யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ கொழும்பிலோ இருக்கும் ஒரு வடிவமைப்பாளர் அமர்த்தப்படுவார். சில நாட்களில் குழுவின் செயலாளருடைய கைத்தொலைபேசிக்கு அவரிடமிருந்து ஒரு செய்தி வரும். பெரும்பாலும் அந்தச் செய்தி வந்த இடத்திலேயே வேலை நின்றுபோகும்.

செய்தியில் கேட்கப்படுபவை மூன்றுதான்: எழுத்து, படங்கள், இலச்சினை. ஆனால் எந்த எழுத்து, எப்படியான படம், இலச்சினைக் கோப்பு என்றால் என்ன என்று விளங்காமல் குழு பேசாமல் இருந்துவிடும். வடிவமைப்பாளரும் பதிலுக்குக் காத்திருப்பார். மாதங்கள் போய்த் திட்டம் முடியும் நாள் நெருங்கும்போது, எங்கிருந்தோ எடுத்த படங்களையும் யாரோ எழுதிய வசனங்களையும் வைத்து ஒரு தளம் அவசரமாகத் திறக்கப்படும். அதில் தங்கள் கடகத்தையோ பெட்டியையோ காணாத பெண்கள் மறுபடி அதைத் திறந்து பார்க்கமாட்டார்கள். பொருள் வாங்க வருபவரும் இன்னொரு நாட்டுக் கூடையைப் பார்த்துவிட்டு அதைத்தான் கேட்பார்.

பூநகரிப் பக்கத்தில் பனையோலைப் பொருட்கள் செய்யும் ஒரு குழுவுக்கு வந்த செய்தியை இங்கே எடுத்துக்கொள்கிறோம். குழுவில் 14 பேர். கிராமத்தின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் தவிர்த்திருக்கிறோம். செய்தி இதுதான்:

"வணக்கம் அம்மா. உங்கள் தளத்தின் வடிவமைப்பை ஆரம்பிப்பதற்கு முன்னர் கீழ்க்கண்டவை எனக்குத் தேவை.

1. எழுத்து: முகப்புக்கு இரண்டு மூன்று வசனங்கள். 'எங்களைப் பற்றி' என்ற பக்கத்துக்கு 150 சொற்கள் வரை. ஒவ்வொரு பொருளுக்கும் பெயர், அளவு, விலை, இரண்டு வரி விளக்கம். தொடர்பு விபரம். தமிழ் எழுத்து யுனிகோட்டில் இருக்க வேண்டும். ஆங்கிலமும் சிங்களமும் வேண்டுமாயின் அவற்றையும் எழுதித் தாருங்கள்.

2. படங்கள்: முகப்புக்கு அகலவாக்கில் எடுத்த 3 படங்கள், 2000 பிக்சல் அகலத்துக்குக் குறையாமல். ஒவ்வொரு பொருளுக்கும் 2 படங்கள். நீங்கள் வேலை செய்யும் படங்கள் 4 அல்லது 5. வட்ஸ்அப்பில் சாதாரண படமாக அனுப்ப வேண்டாம்.

3. இலச்சினை: .ai, .cdr, .svg அல்லது .pdf கோப்பாக. உதவிய நிறுவனங்களின் இலச்சினைகளைப் போடுவதாயின் அவையும்.

இவை யாவும் கிடைத்த நாளிலிருந்து மூன்று கிழமைக்குள் முதல் வடிவத்தைக் காட்டுவேன். நன்றி."

கடைசி வசனத்தைக் கவனிக்க வேண்டும். மூன்று கிழமை என்பது செய்தி வந்த நாளிலிருந்து அல்ல, கேட்டவை யாவும் கிடைத்த நாளிலிருந்து. படங்கள் போய், எழுத்துப் போகாமல் இருந்தால் அந்த மூன்று கிழமை இன்னும் தொடங்கவில்லை.

முதலில் பின்னிவிட்டுப் பிறகு போட முடியாதா?

குழுவில் ஒருவர் கேட்ட கேள்வி இது. "அவர் தளத்தை முதலில் செய்யட்டும், நாங்கள் பிறகு எழுதிக் குடுப்பம்" என்றார். மூடல் பெட்டி பின்னுபவருக்கு இதன் விடை தெரியும். அடிப்பெட்டியின் வாயை அளக்காமல் மூடியைப் பின்னினால், மூடி ஒன்றில் இறுகும், அல்லது கழன்று விழும்.

தளத்திலும் அப்படித்தான். எழுத்துக் கிடைக்காதபோது வடிவமைப்பாளர்கள் பொருளில்லாத இலத்தீன் சொற்களை நிரப்பி வடிவத்தைக் காட்டுவதுண்டு. பார்க்க அழகாக இருக்கும். தமிழ் வந்து இறங்கியதும் குழம்பிவிடும், ஏனெனில் தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஆங்கிலத்தில் ஐந்தெழுத்தில் முடியும் ஒரு பொத்தானில் 'எங்களைப் பற்றி' என்று எழுத வேண்டியிருக்கும். 'உற்பத்திப்பொருட்கள்' என்ற சொல் கைத்தொலைபேசியின் சிறிய திரையில் பாதியில் உடைந்து இரண்டாம் வரிக்குப் போகும். இந்தக் குழு 'உற்பத்திப்பொருட்கள்' என்பதை 'பொருட்கள்' என்று சுருக்கிக் கொடுத்தது. அப்படிச் சுருக்கலாம் என்பது உண்மையான சொற்களை முன்னே வைத்துப் பார்க்கும்போதுதான் தெரியும். ஆறு பொருளுக்கு அமைத்த பக்கத்தில் பின்னர் பதினைந்து பொருளைத் திணிக்கும்போதும் இதே சிக்கல்தான் வரும்.

எழுத்து: எங்களைப் பற்றி என்ன சொல்வது?

செய்தியில் மிகச் சிறிதாகத் தோன்றிய இந்தக் கோரிக்கைதான் குழுவை அதிக நாள் பேச வைத்தது.

முதலில் செயலாளர் கையில் கிடைத்ததைக் கொடுக்க நினைத்தார். அது உதவி கேட்டு எழுதிய திட்டப் பிரேரணை. யுத்தத்தினால் பாதிக்கப்பட்ட விதவைகள், வாழ்வாதாரம் அற்றவர்கள், நலிவுற்றவர்கள் என்று ஒரு பக்கம் போகிறது. நிதி கேட்கும் இடத்தில் அது தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் கூட்டத்தில் அதை வாசித்தபோது ஒரு பெண் எழுந்து நின்றார். அவருடைய கணவர் 2009 இல் காணாமற்போனவர். "நான் இண்டைக்கும் பொட்டு வைக்கிறன். என்னை விதவை எண்டு ஒரு இடத்திலும் எழுத வேண்டாம்" என்றார். கூட்டத்தில் இருந்தவர்களில் இன்னொருவரின் நிலையும் அதுதான். அவர் ஒன்றும் பேசவில்லை.

ஒரு பிரேரணையைச் சில அதிகாரிகள் வாசிப்பார்கள். இணையத்தளத்தை யாரும் வாசிக்கலாம். பிள்ளையின் பள்ளிக்கூடத் தோழி வாசிப்பாள், பெண் கேட்டு வருபவர் வாசிப்பார். ஒருமுறை போட்ட வசனத்தை மற்றவர்கள் பிரதி எடுத்து வேறிடத்தில் வைத்துவிட்டால், எங்கள் தளத்திலிருந்து நீக்கினாலும் அது அங்கே இருக்கும். ஆகவே ஒருவருடைய குடும்ப நிலையைக் குறிக்கும் எந்தச் சொல்லையும் அவரிடம் தனியாகக் கேட்காமல் போடக்கூடாது. கூட்டத்தில் வைத்துக் கேட்டால் மறுக்க விரும்புபவரும் மறுக்கமாட்டார். எங்களைக் கேட்டால், அத்தகைய சொல் அந்தப் பக்கத்துக்குத் தேவையே இல்லை. வாங்குபவர் அறிய விரும்புவது வேறு: யார் செய்கிறார்கள், எங்கே, எதனால், எவ்வளவு காலமாக, எப்படி வாங்குவது.

இந்தக் கேள்விகளுக்கு ஆளாளுக்குச் சொன்ன விடைகளைச் செயலாளர் கொப்பியில் எழுதினார். கடைசியில் வந்தது இது:

"நாங்கள் பூநகரிப் பிரதேசத்தில் பனையோலைப் பொருட்கள் செய்யும் 14 பெண்கள். எங்களில் பலர் இந்த வேலையைத் தாயிடமும் பேத்தியாரிடமும் பழகியவர்கள். நுண்ணிய வேலைகளுக்குக் குருத்தோலையும், கடகம் போன்ற பாரம் தாங்கும் பொருட்களுக்குச் சார்வோலையும் பாவிக்கிறோம். ஓலை எங்கள் ஊர்ப் பனைகளில் இருந்து வருகிறது. யுத்தத்தால் இடம்பெயர்ந்து மீண்டும் வந்து குடியேறிய பின் இந்தக் குழுவைத் தொடங்கினோம். உங்களுக்கு வேண்டிய அளவைச் சொன்னால் அந்த அளவிலும் செய்து தருவோம்."

யுத்தம் இதில் மறைக்கப்படவில்லை, ஒரு வசனத்தில் இருக்கிறது. அது இருக்க வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். 150 சொற்கள் வரை எழுதலாம் என்றிருந்தும் இவ்வளவோடு நிறுத்திக்கொண்டார்கள். அது போதுமானதே.

பொருள் விளக்கத்தில் சிரமம் வேறு விதமானது. எங்களுக்கு நன்றாகத் தெரிந்த பொருளை அறியாதவருக்கு எப்படிச் சொல்வது? 'நீத்துப்பெட்டி' என்று மட்டும் எழுதினால் யாழ்ப்பாணத்தாருக்கு விளங்கும், கொழும்பில் இருப்பவருக்கு விளங்காது. குழு எழுதியது: "நீத்துப்பெட்டி. பிட்டு அவிக்கும் கூம்பு வடிவப் பெட்டி. சாயம் போடாத ஓலை. வாய் அகலம் 18 சென்ரிமீற்றர், உயரம் 20 சென்ரிமீற்றர். பாவித்த பின் கழுவி வெயிலில் உலர்த்தவும்." சாணிலும் விரலிலும் அளந்தே பழகியவர்கள் இதற்காக ஒரு தையல் நாடாவை எடுத்து ஒவ்வொன்றாக அளந்தார்கள். அளந்து பார்த்தபோது ஒரே பொருளை இருவர் செய்ததில் இரண்டு சென்ரிமீற்றர் வித்தியாசம் இருப்பதும் தெரிந்தது. கைவேலையில் அது வழமை. ஆனால் பக்கத்தில் சொல்லாவிட்டால் வாங்கியவர் முறைப்பாடு செய்வார். "கையால் செய்வதால் அளவிலும் நிறத்திலும் சிறு வேறுபாடு இருக்கும்" என்று ஒரு வரி சேர்த்தார்கள். சாயமிட்ட ஓலை வெயிலில் மங்கும் என்பதையும், மாரிகாலத்தில் ஈரமான இடத்தில் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும் என்பதையும் சொல்லிவிட்டார்கள். விற்கும் இடத்தில் குறையைச் சொல்வதா என்று ஒருவர் தயங்கினார். பொருள் வீட்டுக்குப் போனபின் தொலைபேசியில் சொல்வதை விட இது மேல்.

விலையைப் போடுவதாயின், விலை மாறும்போது அதை யார் மாற்றுவது என்பதை முதலே பேசிக்கொள்ள வேண்டும். பழைய விலை தளத்தில் கிடந்தால் வாங்குபவர் அதைக் காட்டித்தான் பேசுவார். மாற்றத் தெரிந்தவர் குழுவில் இல்லை என்றால் விலையைப் போடாமல் "விலைக்கு அழைக்கவும்" என்று விடுவதே நல்லது.

தொடர்பு விபரத்தில் செயலாளரின் சொந்த இலக்கத்தைப் போடுவதாகவே முதலில் இருந்தது. அவர் தனியே பிள்ளைகளுடன் இருப்பவர். இராப்பகலாகத் தெரியாதவர்களின் அழைப்பு வந்தால் என்ன செய்வார்? குழுவுக்கென வேறொரு சிம் எடுத்து, பகலில் சந்தைப்படுத்தல் வேலை செய்யும் இடத்தில் இருக்கும் கைத்தொலைபேசியில் போட்டார்கள். வீட்டு முகவரிக்குப் பதிலாகக் குழு கூடும் பொது நோக்கு மண்டபத்தின் முகவரி போனது. வங்கிக் கணக்கு இலக்கத்தைப் பக்கத்தில் போடுவதில்லை என்றும், ஓடர் உறுதியான பின் வாங்குபவருக்கு மட்டும் அனுப்புவதென்றும் தீர்மானித்தார்கள்.

பாமினியா, யுனிகோட்டா?

இது எங்கள் நாட்டில் அடிக்கடி வரும் சிக்கல். அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் நீண்டகாலமாகப் பாமினி எழுத்துருவில் தமிழ் தட்டெழுதி வருகிறார்கள். அந்த முறையில் கணினிக்குள் இருப்பது உண்மையில் ஆங்கில எழுத்துக்கள். பாமினி என்ற எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உருவம் கொடுத்துக் காட்டுகிறது, அவ்வளவுதான். 'அம்மா' என்று பாமினியில் எழுதியதை அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் திறந்தால் இப்படித் தெரியும்:

```
mk;kh
```

தளத்திலும் அப்படியே வரும். கூகிளில் தமிழில் தேடுபவருக்கும் அது அகப்படாது. யுனிகோட்டில் எழுதினால் எந்தக் கைத்தொலைபேசியிலும் தமிழாகவே தெரியும்.

உங்களிடம் இருப்பது எது என்று அறிய எளிய வழி உண்டு. அந்த வசனத்தைப் பிரதி எடுத்து வட்ஸ்அப்பில் ஒருவருக்கு அனுப்பிப் பாருங்கள். தமிழாகப் போனால் யுனிகோட், குறிகளும் ஆங்கில எழுத்துமாகப் போனால் பாமினி போன்ற பழைய முறை. பழையதை மாற்றிக் கொடுக்கும் இலவச மாற்றிகள் இணையத்தில் இருக்கின்றன. மாற்றிய பின் வரிவரியாக வாசித்துப் பார்க்க வேண்டும், அங்கங்கே எழுத்துத் தப்பும். கைத்தொலைபேசியிலேயே தமிழில் தட்டெழுதினால் இந்தத் தொல்லை இல்லை, அது யுனிகோட்டாகவே வரும். இந்தக் குழுவில் செயலாளரின் மகள் அப்படித்தான் எல்லாவற்றையும் அடித்துக் கொடுத்தாள்.

ஆங்கிலமும் சிங்களமும் வேண்டும் என்றால் பனையோலைப் பொருட்களை அறிந்தவரிடம் மொழிபெயர்ப்பைக் கொடுங்கள். அகராதியை மட்டும் பார்ப்பவரின் கையில் கடகம் ராசியாகிவிடும். குழுவினர் ஆங்கிலத்தை ஒரு ஆசிரியையிடம் எழுதுவித்தார்கள். சிங்களத்துக்கு ஆள் கிடைக்காததால் அதைப் பிறகு சேர்ப்பதாக வடிவமைப்பாளருக்கு அறிவித்தார்கள். அப்படி அறிவிப்பது முக்கியம். பின்னர் மூன்றாவது மொழி வரும் என்று தெரிந்தால் அவர் அதற்கு இடம் விட்டு அமைப்பார்.

படங்கள்

"2000 பிக்சல்" என்ற சொல்லைக் கண்டு பயப்படத் தேவையில்லை. இன்றைய சாதாரண கைத்தொலைபேசிகள் பல 4000 பிக்சல் அளவு அகலமான படத்தை எடுக்கக்கூடியவை. கெடுவது அனுப்பும் வழியில். வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும்போது படம் சுருக்கப்படுகிறது, நீளமான பக்கம் சுமார் 1600 பிக்சலுக்கு வந்துவிடும். பொருட்களின் சிறு படங்களுக்கு அது போதும். முகப்பில் திரையை நிரப்பும் பெரிய படத்துக்குப் போதாது. ஒருவர் ஒருவராக அனுப்பி வந்த படம், பேஸ்புக்கில் இருந்து எடுத்த படம் ஆகியன இன்னும் மோசமானவை. வட்ஸ்அப்பில் படத்தை Document என்ற வழியால் அனுப்பினால் அது சுருங்காமல் போகும்.

படம் நல்லதா என்று பார்க்கத் திரையில் இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்குங்கள். ஓலையின் பின்னல் ஒவ்வொரு இழையாகத் தெரிந்தால் படம் உதவும். இழைகள் ஒன்றோடொன்று கரைந்து மஞ்சள் பூச்சாகத் தெரிந்தால் உதவாது.

எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை அதிகமில்லை. உச்சி வெயிலில் எடுத்தால் ஓலை வெளுத்து ஒரு பக்கம் கருநிழல் விழும். காலையில், தாழ்வாரத்து நிழலில், ஒரு வெள்ளைத் துணியின் மேல் பொருளை வைத்து எடுத்தார்கள். முகப்புப் படங்களுக்குக் கைத்தொலைபேசியைப் படுக்கையாகப் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் கேட்கப்பட்ட இரண்டு படங்களில் ஒன்று முழுப்பொருள், மற்றது பின்னல் தெரியும்படி கிட்ட எடுத்தது. கடகத்துக்குள் மாங்காய்களை நிரப்பி ஒருவர் எடுத்த படம் எல்லாவற்றிலும் நன்றாக வந்தது, அதன் பருமன் சொல்லாமலே விளங்கியது.

ஆட்களின் படங்களுக்குத்தான் நேரம் எடுக்க வேண்டும். செயலாளர் 14 பேரிடமும் தனித்தனியே போய் மூன்றில் ஒன்றைக் கேட்டார்: முகம் தெரியலாமா, கைகள் மட்டுமா, படமே வேண்டாமா? 5 பேர் முகம் தெரியலாம் என்றார்கள். 7 பேர் கைகள் மட்டும் என்றார்கள். 2 பேர் வேண்டாம் என்றார்கள். காரணம் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. விடையைக் கொப்பியில் எழுதி, பின்னர் மனம் மாறினால் படத்தை எடுத்துவிடுவோம் என்ற வாக்குறுதியையும் எழுதி ஒப்பம் வாங்கிக்கொண்டார். பிள்ளைகளின் படங்கள் வேண்டாம் என்பது பொதுத் தீர்மானம். கைகள் மட்டுமே உள்ள படங்கள் உண்மையில் முகப்புக்கு மிகப் பொருத்தமாக அமைந்தன. ஓலை கீறும் விரல்களைப் பார்த்தாலே வேலை தெரிகிறது.

பின்னணியையும் பார்க்க வேண்டும். ஒரு படத்தில் சுவரில் மாலை போட்ட ஒருவரின் படம் தெரிந்தது. இன்னொன்றில் மகளின் பள்ளிக்கூடச் சீருடை கழுத்துப்பட்டியோடு கொடியில் தொங்கியது. முன்னையது அந்த வீட்டின் துக்கம், பின்னையது அந்தப் பிள்ளை எங்கே படிக்கிறாள் என்ற தகவல். இரண்டு படங்களையும் விட்டுவிட்டார்கள்.

கண்ணுக்குத் தெரியாத ஒன்றும் உண்டு. கைத்தொலைபேசியின் கமராவில் இட விபரம் இயங்கும்படி இருந்தால், எடுத்த இடத்தின் வரைபடக் குறிப்பு படக்கோப்புக்குள்ளேயே பதிந்துவிடும். வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும்போது அது நீங்கிவிடும். Document ஆக அனுப்பும்போது, படம் முழுமையாகப் போவதால், அதுவும் கூடவே போகும். வீட்டு முற்றத்தில் எடுத்த படத்தில் அந்த வீட்டின் இருப்பிடம் அடங்கியிருக்கும் என்பதே இதன் பொருள். படம் எடுக்க முன்னரே கமரா அமைப்பில் இட விபரத்தை நிறுத்திவிடுங்கள். வடிவமைப்பாளரிடமும், தளத்தில் ஏற்றுவதற்கு முன் அந்தக் குறிப்புகளை நீக்கிவிடும்படி எழுத்தில் கேளுங்கள். அவருக்கு அது சில நிமிட வேலை.

பயிற்சி வகுப்பில் நிறுவனத்தார் எடுத்த அழகான படங்கள் இருந்தாலும், எடுத்தவரின் அனுமதி இல்லாமல் அனுப்ப வேண்டாம். அதில் இருக்கும் பெண்கள் அன்று பயிற்சி அறிக்கைக்கு மட்டும் இணங்கியிருக்கலாம்.

இலச்சினை

குழுவுக்கு ஒரு இலச்சினை இருந்தது. வட்டத்துக்குள் ஒரு பனை, அதைச் சுற்றிக் குழுவின் முழுப்பெயர். கடிதத்தலைப்பில் அச்சிட்டது. அதைப் படம் பிடித்து அனுப்பினார்கள். வடிவமைப்பாளர் உதவாது என்றார். எங்கள் இலச்சினையையே குறை சொல்கிறாரோ என்று சிலருக்கு மனவருத்தம்.

அவர் குறை சொன்னது கோப்பைத்தான். புகைப்படம் சிறு புள்ளிகளால் ஆனது. பெரிதாக்கினால் ஓரங்கள் படிக்கட்டுப்போல் தெரியும். நிறமுள்ள பக்கத்தில் வைத்தால் பின்னால் வெள்ளைச் சதுரம் ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். அவர் கேட்ட .ai, .cdr, .svg கோப்புகளில் இலச்சினை கோடுகளாக வரையப்பட்டு இருக்கும். அதைச் சிறு பொத்தான் அளவிலும் பெரிய பதாகை அளவிலும் ஓரம் கெடாமல் பாவிக்கலாம்.

அந்தக் கோப்பு குழுவிடம் இல்லை. ஆனால் எங்கோ இருக்கத்தான் வேண்டும், ஏனெனில் யாரோ அதை வரைந்திருக்கிறார்கள். கடிதத்தலைப்பை அச்சிட்ட கிளிநொச்சி அச்சகத்தில் கேட்டபோது கணினியில் இருந்து .cdr கோப்பை எடுத்துக் கொடுத்தார்கள். அதைத் திறந்தபோது பனை சரியாக வந்தது, குழுவின் பெயர் குழம்பியிருந்தது. காரணம் முன்னர் சொன்ன எழுத்துருப் பிரச்சினைதான்: அச்சகத்திடம் இருந்த எழுத்துரு வடிவமைப்பாளரின் கணினியில் இல்லை. அச்சகத்தார் எழுத்துக்களைக் கோடுகளாக மாற்றி மறுபடி சேமித்துக் கொடுத்ததும் சரியாகிவிட்டது. அச்சகத்தில் கேட்கும்போதே "எழுத்தைக் கேர்வாக மாற்றித் தாருங்கள்" என்று சொன்னால் அவர்களுக்கு விளங்கும். .pdf கோப்பைத் தந்தால் அதை நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். புகைப்படத்தையே .pdf ஆக்கியும் தருவதுண்டு, அப்போது ஓரங்கள் உடையும்.

இன்னொன்றையும் வடிவமைப்பாளர் சொன்னார். கைத்தொலைபேசியில் இலச்சினை பெருவிரல் நகத்தளவுதான் தெரியும். வட்டத்தைச் சுற்றிய நீண்ட பெயரை அந்த அளவில் ஒருவராலும் வாசிக்க முடியாது. வட்டமும் பனையும் மட்டும் உள்ள ஒரு சிறிய வடிவத்தைத் தனியே எடுத்து, பெயரைப் பக்கத்தில் சாதாரண எழுத்தில் போட்டார்கள். இலச்சினையே இல்லாத குழுக்களும் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. தெளிவாக எழுதிய பெயர் ஒன்றே தளத்தைத் தொடங்கப் போதும், அதற்காக மாதக்கணக்கில் நிற்க வேண்டியதில்லை.

உதவிய நிறுவனங்களின் இலச்சினைகளைப் பேஸ்புக்கில் இருந்து எடுத்துப் போடக்கூடாது. அந்தந்த நிறுவனத்திடமே கோப்பையும் அனுமதியையும் கேட்க வேண்டும். எங்கே, எந்த அளவில், எவ்வளவு காலத்துக்குப் போடலாம் என்று அவர்களுக்கு நிபந்தனைகள் இருக்கும். ஒரு நிறுவனம் திட்டம் முடிந்ததும் எடுத்துவிட வேண்டும் என்று பதில் எழுதியது. அதனால் அவை பக்கத்தின் அடியில், எளிதில் நீக்கக்கூடிய இடத்தில் வைக்கப்பட்டன.

அனுப்பும் முறை

நூற்றுக்கணக்கான படங்களை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பினால் எது எந்தப் பொருள் என்று வடிவமைப்பாளருக்கு எப்படித் தெரியும்? அவர் மூடல் பெட்டியின் படத்துக்குக் கீழே குட்டானின் விலையைப் போட்டால் குற்றம் அவருடையதல்ல. குழுவினர் கணினியில் மூன்று கோப்புறைகள் செய்து எழுத்து, படம், இலச்சினை என்று பெயரிட்டார்கள். படங்களுக்கு கமரா கொடுத்த நீண்ட இலக்கங்களை நீக்கி, கடகம் 1, கடகம் 2, நீத்துப்பெட்டி 1 என்று பெயர் மாற்றினார்கள். எழுத்துக் கோப்பிலும் அதே பெயர்களை அதே ஒழுங்கில் வைத்தார்கள். அனுப்புவதற்கு முன் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்டுத் திருத்தினார்கள். விலைகளை இரண்டு தடவை பார்த்தார்கள்.

செயலாளர் கூடவே ஒரு சிறு பதிலும் எழுதினார். சிங்கள எழுத்து இன்னும் தயாரில்லை, ஆனால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம், முகம் தெரியும் படங்கள் இந்த ஐந்து மட்டும், இவற்றை வேறெந்த வேலைக்கும் பாவிக்கக்கூடாது, இட விபரங்களை நீக்கவும், வேறு படங்கள் தேவைப்பட்டால் இணையத்தில் எடுக்காமல் எங்களிடம் கேட்கவும் என்று அதில் இருந்தது. மேற்படி கோப்புறைகள் இரண்டு பென்டிரைவில் பிரதி செய்யப்பட்டன. ஒன்று தலைவியிடமும் மற்றது பொருளாளரிடமும் இருக்கிறது. ஒப்பம் வாங்கிய கொப்பி மட்டும் எவருக்கும் அனுப்பப்படவில்லை, அது செயலாளரின் அலுமாரியில் இருக்கிறது.